மூன்று வருகையின் சராசரி

விரிவுரையாளர் விஸ்வலிங்கம் தாளை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். அடியில் கோடு போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நவமணி தாளைப் படித்தாள், பேனாவை மூடினாள், தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

மலேசியாவின் ஈப்போ நகரில் இருந்த அந்த ஆசிரியர் பயிற்சி மையத்தில் அப்படிச் சொன்னவர்கள் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்று திட்டுவார்கள், அதுதான் வழக்கம். விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

தாளில் இருந்தது மிகச் சுருக்கமான விஷயம். நவமணியின் கற்பித்தல் பயிற்சியைப் பார்க்க அவர் மூன்று தடவை அவளுடைய பள்ளிக்கு வந்திருந்தார். முதல் வருகைக்கு நாற்பது புள்ளி, இரண்டாவதற்கு ஐம்பத்தெட்டு, மூன்றாவதற்கு எழுபத்தாறு. கூட்டி மூன்றால் வகுத்தால் ஐம்பத்தெட்டு. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். கீழே சிவப்பில் ஒரு சொல்: தேர்ச்சியில்லை.

தேர்ச்சியில்லை என்றால் அவள் தற்காலிக ஆசிரியையாகவே இருப்பாள். அந்த வருடக் கடைசியில் தற்காலிக ஆசிரியர்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் பயிற்சி முடிக்காதவர்கள்தான்.

அது 1984. நவமணிக்கு இருபத்தாறு வயது. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா மங்களம் விடியுமுன் பால்வெட்டப் போகிறவள். அப்பா உரக்கிடங்கில் வேலை. மகள் படித்து அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கே டீச்சராக வந்தபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பெருமைப்பட்டதைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள். "நேத்து மூக்க ஒழுக்கிக்கிட்டு ஓடுனது, இன்னைக்கு நம்ம பிள்ளைக்கு என்னத்த சொல்லிக் குடுக்கப்போவுது" என்று ராக்காயி என்கிற பக்கத்து வீட்டுக்காரி அவள் காதுபடவே சொன்னாள். நவமணி நின்று, வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள் அக்கா என்று கூப்பிட்டாள். ராக்காயி உண்மையாகவே ஒருநாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நவமணியின் சுபாவம் அப்படி. யாராவது ஒன்று சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள்.

ஆனால் பிப்ரவரியில் நடந்த முதல் வருகையின்போது நிற்க இடமே கிடைக்கவில்லை.

ஆண்டு இரண்டு வகுப்பு, கணிதம், இருநூறுக்குள் கழித்தல். புதிய கலைத்திட்டம் அந்தப் பிள்ளைகளோடுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்திருந்தது. நவமணி கரும்பலகையில் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழித்துக் காட்டினாள். ஒன்றில் பற்றாது, பத்தில் கடன் வாங்கு, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. குரல் கணீரென்று இருந்தது, எழுத்து முத்து முத்தாக இருந்தது. முடித்துவிட்டுத் திரும்பி, எந்தத் தோட்டப் பள்ளியிலும் எந்த ஆசிரியரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே பாடியது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த விஸ்வலிங்கம் எழுந்து நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வகுப்பில் பாதிப் பேர் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார்கள். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருந்தார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. நவமணிக்கு அது தெரியவே இல்லை. அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டிருந்தாள்.

பாடம் முடிந்ததும் அவர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தைப்பிங்கில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவரின் மகன் அவர். இங்கேயே வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சு போகவில்லை.

"இஞ்ச பாரும் பிள்ளை. வகுப்பு முழுக்கப் புரிஞ்சுது எண்டு சொன்னா அது பதில் இல்லை. அது உமக்குக் குடுக்கிற மரியாதை."

நாற்பது போட்டார். நவமணி அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் விடுமுறையில் மையத்தில் மதிப்பீட்டுப் பாடம் எடுத்தவரும் அவரே. அச்சடித்த குறிப்பு மலாய் மொழியில் இருந்தது. ஃபோர்மாத்திஃப், சுமாத்திஃப் என்று இரண்டு சொற்கள். பயிற்சி ஆசிரியர்கள் தமிழில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று எழுதிக்கொண்டு, முதலாவது சின்னத் தேர்வு, இரண்டாவது பெரிய தேர்வு என்று பக்கத்தில் குறித்தார்கள். விஸ்வலிங்கம் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு அடித்துவிடச் சொன்னார்.

தாளின் அளவில் வித்தியாசம் இல்லை என்றார் அவர். செவ்வாய்க்கிழமை பத்துச் சொல் எழுதச் சொல்கிறீர்கள். எந்தச் சொல்லில் யார் தடுக்கி விழுகிறார் என்று பார்த்து, புதன்கிழமை பாடத்தை மாற்றிக்கொண்டால் அது வளரறி மதிப்பீடு. பிள்ளை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறான். அவன் எங்கே நிற்கிறான், அடுத்த அடி எங்கே வைக்க வேண்டும் என்று அவனுக்கும் உங்களுக்கும் சொல்வதுதான் அதன் வேலை. அதே பத்துச் சொல்லைத் தவணை முடிவில் எழுத வைத்து, இத்தனை தேறினான் என்று அறிக்கை அட்டையில் எழுதி வீட்டுக்கு அனுப்பினால் அது தொகுத்தறி மதிப்பீடு. கற்று முடித்ததை எடை போட்டு இன்னொருவருக்குச் சொல்வது. இரண்டும் வேண்டும். அரசாங்கம் நடத்தும் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டாதீர்கள்.

நவமணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அர்ச்சுனன். ஜெலாப்பாங்கில் வீடு, ஈப்போவுக்கு வெளியே ஒரு பள்ளியில் வேலை. வாய் ஓயாதவன். "அக்கா, நம்ம ஹெட்மாஸ்டருக்கு இத யாரு சொல்றது? அவரு தும்முனாகூட புள்ளி போடுவாருலா" என்று அவள் காதில் சொன்னான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் விஸ்வலிங்கத்திடம் மாட்டிக்கொண்டாள்.

அர்ச்சுனன் யாரை நினைத்துச் சொன்னானோ, நவமணியின் பள்ளியில் அது அப்படியே பலித்தது. விடுமுறை முடிந்து அவள் ஒரு புது வழி ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு கணித பாடத்தின் முடிவிலும் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள், ஒரே ஒரு கணக்கு. வாசலில் அவளிடம் கொடுத்துவிட்டு ஓய்வு நேரத்துக்குப் போக வேண்டும். அவள் அதை மூன்று கட்டாகப் பிரிப்பாள்: வந்துவிட்டது, பாதி வந்தது, வரவில்லை. மறுநாள் வராதவர்களைத் தன்னருகே உட்கார வைத்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுத்து ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்வாள். கடன் வாங்குவது என்றால் என்ன என்று கை பார்த்துக்கொள்ளும்.

தலைமையாசிரியர் பழனியப்பனுக்குத் துண்டுத் தாள்கள் பிடித்துப்போயின. ரொம்பவே பிடித்துப்போயின. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, வாரக் கடைசியில் கூட்டி, காலைச் சபைகூடலில் பெயர் வாசித்து, தவணை அறிக்கையிலும் சேர்க்கச் சொன்னார். புதிய கலைத்திட்டத்தில் தொடர்ந்து மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் இல்லையா என்பது அவர் வாதம். ஓயாமல் தேர்வு வைப்பதுதான் தொடர் மதிப்பீடு என்று அவர் உண்மையாகவே நம்பினார். நவமணி இரண்டு வாரம் சொன்னபடி செய்தாள்.

மூன்றாவது வாரம் காளியம்மா என்கிற சிறுமியின் துண்டுத் தாளில் சரியான விடை இருந்தது. முதல் நாள்வரை முப்பத்தைந்து எழுதிக்கொண்டிருந்தவள். நவமணி மகிழ்ந்துபோய் அவளை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினாள். அங்கே அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், பக்கத்துப் பெஞ்சுப் பையன் சீனியைப் பார்த்து எழுதினாளாம்.

"ஏம்மா பார்த்து எழுதுன?"

"தப்பா எழுதுனா பேரு வாசிப்பாங்க டீச்சர்."

அன்று நவமணிக்கு ஒன்று பிடிபட்டது. புள்ளி போட்ட அன்றிலிருந்து பிள்ளைகள் தப்பை மறைக்கத் தொடங்கிவிட்டார்கள். மறைத்த தப்பை எப்படித் திருத்துவது? மறுநாள் முதல் துண்டுத் தாளில் புள்ளி கிடையாது என்று வகுப்பில் அறிவித்தாள். பழனியப்பனிடமும் போய்ச் சொன்னாள். தவணைத் தேர்வுப் புள்ளியைக் கேளுங்கள், ஒன்று விடாமல் தருகிறேன். துண்டுத் தாள் என் வேலைக்கு, அறிக்கைக்கு இல்லை. அவர் முணுமுணுத்தார், மேலே எழுதுவேன் என்றார், எழுதவில்லை.

இரண்டாவது வருகையில் விஸ்வலிங்கம் துண்டுத் தாள்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் கட்டுக் கட்டாகப் பிரித்துவிட்டு, நன்றாக வந்த பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்திருக்கிறீர் என்றார். அதுவும் சரி. மூன்றாவது வருகைக்குள் அவர்களுக்கும் வளப்படுத்தும் வேலை தயாராக இருந்தது. தாங்களே கணக்கு உருவாக்கிப் பக்கத்தில் இருப்பவரை மடக்க வேண்டும். வகுப்பு சந்தைபோலச் சத்தமாக இருந்தது. விஸ்வலிங்கம் எழுபத்தாறு போட்டுவிட்டுக் கை கொடுத்தார்.

அந்தக் கைதான் இப்போது தேர்ச்சியில்லை என்று எழுதியிருந்தது.

"சராசரி போடுறது இங்கத்தைய வழக்கம் பிள்ளை," என்றார் விஸ்வலிங்கம். "நான் வர முன்னமே இருக்கு."

நவமணி கேட்டாள், முதல் வருகையில் வராந்தாவில் நின்று நீங்கள் சொன்னது எதற்காக? நான் திருந்துவதற்காகத்தானே? திருந்திவிட்டேன் என்று நீங்களே எழுபத்தாறு போட்டீர்கள். பிறகு அந்த நாற்பதை ஏன் திரும்பவும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?

"முதல் ரெண்டும் வளரறி சார். அத வச்சுத் தீர்ப்பு எழுதுனா, அடுத்த வருசம் வாரவங்க மொத நாளே உங்கள ஏமாத்தத்தான் பாப்பாங்க. எங்க காளியம்மா பார்த்து எழுதுனாளே, அதே மாதிரி."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது, அது லேசான பதிலும் இல்லை. ஒரே ஒரு நாள் நன்றாக அமைந்துவிடலாம் என்றார். முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறோம், பாடத்தை ஒத்திகை பார்த்து வைக்கலாம். ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு ஒருவருக்கு நிரந்தர வேலைக்கு நற்சான்று கொடுப்பது எப்படி? தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் போதிய சான்று வேண்டாமா?

"வேணும் சார். அப்ப இன்னொரு தடவ வாங்க. சொல்லாம வாங்க. இப்ப எனக்கு என்ன வருதுன்னு பாருங்க. பிப்ரவரியில என்ன வரலன்னு பாக்காதீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். ஒருவருக்காக மட்டும் வழக்கத்தை மாற்ற முடியாது. விரிவுரையாளர் கூட்டத்தில் வைக்கலாம்; ஒப்புக்கொண்டால் எல்லாருக்கும் மாறும். சராசரி போகும், கடைசி வருகையோடு சொல்லாமல் வரும் ஒரு வருகையும் சேர்த்துத் தீர்ப்பு. "எல்லாருக்கும் எண்டா எல்லாருக்கும். ஆர் ஏறுவினம், ஆர் இறங்குவினம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

அவளுக்குத் தெரியும். அர்ச்சுனன் முதல் வருகையில் எண்பது வாங்கியவன். பேச்சு வல்லமை உள்ளவன், அன்றைக்கு வகுப்பையே கட்டிப் போட்டான். அதன் பிறகு அலட்சியம். இரண்டாவதற்கு அறுபத்தெட்டு, மூன்றாவதற்கு ஐம்பது. சராசரியில் அறுபத்தாறு, தேர்ச்சி. போன வாரமே எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தான்.

நவமணி மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் தோற்பது அவள் ஒருத்திதான். சராசரி அர்ச்சுனனை ஏன் காப்பாற்றியது என்று யோசித்தாள். பிப்ரவரியில் அவன் நன்றாக நடத்தியது இப்போது அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?

"எல்லாருக்கும் மாத்துங்க சார்," என்றாள்.

அன்று மத்தியானமே அர்ச்சுனனைத் தேடிப் போய்ச் சொன்னாள். வேறு யார் வாயிலிருந்தும் அவன் அதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். மையத்து உணவுக்கடையில் அவன் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஏன்க்கா, நீ பாஸாகணும்னா நான் விழணுமா?"

நீ விழ வேண்டாம், இப்போதிருந்தே பாடத்தைத் தயார் செய், அவர் எந்த நாள் வந்தாலும் சரி என்று இரு என்றாள். உதவி வேண்டுமானால் சனிக்கிழமை பஸ் ஏறி ஜெலாப்பாங்குக்கு வருகிறேன் என்றாள். அவன் சத்தம் போடாமல் சிரித்தான். "நீ பெரிய டீச்சரு. எனக்கெல்லாம் ஒன் பாடம் வேணாம்லா" என்று தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

கூட்டம் ஒப்புக்கொண்டது. சுலபமாக இல்லை, ஒரு மூத்த விரிவுரையாளர், பயிற்சியில் இருப்பவர்கள் நமக்குச் சட்டம் சொல்வதா என்று கேட்டாராம். இது நாமே நடத்தின பாடம் என்று விஸ்வலிங்கம் சொன்னாராம்.

அவர் தோட்டத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அதைவிட மோசமான நாளை அவரே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. முந்தின நாள் மாரியம்மன் கோவில் திருவிழா. பிள்ளைகள் நெற்றியில் திருநீறும் கண்ணில் தூக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அவருடைய நிழலைக் கண்டதும், இன்றைக்கா வர வேண்டும் என்று நவமணிக்குத் தோன்றியது. பிறகு, நான்தானே வரச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பாடம் கடிகாரம் பார்ப்பது. பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய கடிகாரம் ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. மூன்று மணி, ஏழு மணி எல்லாம் வந்தன. மூன்றரை வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொன்னாள். அட்டைகள் உயர்ந்தன. ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்தது: பெரிய முள் எல்லாரிடமும் ஆறில் இருக்கிறது, சின்ன முள் முக்கால்வாசிப் பேரிடம் மூன்றிலேயே நிற்கிறது.

எழுதி வைத்த பாடத்திட்டப்படி அடுத்தது கால் மணி, முக்கால் மணி. மேசைமேல் இருந்த அந்தத் திட்டத்தை விஸ்வலிங்கம் கையில் எடுத்து வைத்திருந்தார். நவமணி கால் மணியை விட்டுவிட்டாள். சுவரில் இருந்த கடிகாரத்தை இறக்கி, மூன்று மணியில் வைத்து, பின்பக்கத் திருகை மெதுவாகத் திருப்பி, பெரிய முள் பாதி சுற்றுவதற்குள் சின்ன முள் என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னாள்.

"நவுருது டீச்சர்," என்றாள் காளியம்மா. "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வந்துருச்சு."

"அப்ப ஒன் கடிகாரத்துல?"

காளியம்மா தன் அட்டையைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும், மறைக்காமல், சின்ன முள்ளை நகர்த்தினாள். சரியாக வைத்திருந்தவர்களை நவமணி ஒரு மூலைக்கு அனுப்பி, ஒருவர் நேரம் சொல்ல மற்றவர் வைக்க வேண்டும் என்றாள். மீதிப் பேரோடு தரையில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை கால் மணி என்ற சொல்லையே அவள் உச்சரிக்கவில்லை.

விஸ்வலிங்கம் தாளை நீட்டினார். திட்டமிட்டது பாதிதான் முடிந்தது, அதற்குப் புள்ளி குறைத்திருக்கிறேன் என்றார். மொத்தம் எழுபத்திரண்டு.

"குறைச்சது சரிதானோ?"

"நாளைக்குக் கால் மணி நடத்துவேன் சார். இன்னைக்கே நடத்தியிருந்தா நாளைக்குத் திரும்பவும் மூன்றரைதான் நடத்தணும்."

அவர் சிரித்தார். புள்ளியை மாற்றவில்லை. அவளும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அர்ச்சுனன் வகுப்புக்கு அவர் போனபோது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள், அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். புது முறைப்படி அவனுடைய பயிற்சி இன்னொரு தவணைக்கு நீண்டது. இந்தச் செய்தி நவமணிக்கு முதலில் வேறொருவர் மூலம் வந்தது. அதை நம்பாமல், முடிவு வெளியான நாளன்று ஈப்போவின் மேடான் கிட் பேருந்து நிலையத்தில் அவனையே கேட்டாள்.

கோலா கங்சார் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் அவளைப் பார்க்காமல் பேசினான். பழைய சராசரி இருந்திருந்தால் இந்நேரம் நிரந்தரம் ஆகியிருப்பேன், நம் ஆட்களுக்குள் ஒருத்தருக்கொருத்தர் இப்படித்தான் குழி வெட்டுகிறோம், உனக்கு நல்லா இருக்கட்டும் என்றான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நவமணி மன்னிப்புக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்த்தான்போலும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"குழி வெட்டல தம்பி. ஒனக்கு இன்னொரு தவண கெடச்சிருக்கு. எனக்கு ஐம்பத்தெட்டுன்னு எழுதி வீட்டுக்குப் போன்னாங்க. இன்னொரு தடவ கேட்டாலும் எல்லாருக்கும் மாத்துங்கன்னுதான் சொல்வேன். சனிக்கிழம வாரேன்னு சொன்னேன்ல, அதுவும் அப்படியே இருக்கு. வரட்டா, வேணாமா?"

நடத்துநர் கதவைத் தட்டினார். நவமணி ஒரு காலைப் படியில் வைத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநர் திட்டத் தொடங்கினார். அப்போதும் அவள் ஏறவில்லை.

"பத்து மணிக்கு வா," என்றான் அர்ச்சுனன் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "கடன் வாங்குற அந்தக் கழித்தல் பாடம் எனக்கும் சரியா வரமாட்டேங்குது."

அவள் ஏறினாள்.